ரேக்கில் 780, கணினியில் 1,032: இடையில் உள்ள 252 பாக்கெட் யார் தலையில்?

கேள்வி: பிறையில் ஒரு மளிகைச் சாமான் மொத்த வியாபார ஸ்டோரில் ஆறு வருடமாகக் கிராணி வேலை பார்க்கிறேன். டிசம்பர் 31 புதன்கிழமை ஸ்டாக் செக். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து இரவு எட்டரை வரை நானும் இரண்டு பையன்களும் எண்ணினோம். அன்றைக்கும் லோரி போய்க்கொண்டுதான் இருந்தது. ஜனவரி 5 திங்கட்கிழமை முதலாளி 31ஆம் தேதிக்கான ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். 40 சாமான் குறைகிறது, மொத்தம் 4,860 வெள்ளி என்கிறார். மாதம் 500 வெள்ளி சம்பளத்தில் வெட்டிக்கொள்ளச் சம்மதம் என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். சில சாமான் கூடுதலாகவும் இருக்கிறது, அதை அவர் பார்க்கவே இல்லை. "எண்ணினது நீ, சாவியும் உன்னிடம்தான்" என்கிறார். கணினிக் கணக்கைத் திருத்தும் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. 31ஆம் தேதி போட்டு எல்லாவற்றையும் ரேக்கில் உள்ளபடி மாற்றிவிட்டால் முடிந்துவிடுமா? இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. கடைசி ரேக்கில் களைப்பில் ஐந்து வரியை எண்ணாமல் கணினியில் இருந்த எண்ணையே எழுதிவிட்டேன். ஆனால் நான் ஒரு பாக்கெட்கூட எடுக்கவில்லை. மாதிரிக்கு மீன் கறித்தூள் 250 கிராமுக்கு உள்ள தாள்களையெல்லாம் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவா, வேலையை விட்டுவிடவா?
– பெயர் வேண்டாம், பிறை

பதில்: அன்புச் சகோதரி,

கையெழுத்தும் போடாதீர்கள், கணினிக் கணக்கிலும் கை வைக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். வேலையை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

நான் கணக்காய்வாளர். வருடக் கடைசி என்றால் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் ஏதாவது ஒரு ஸ்டோரில் எண்ணிக்கைத் தாளோடு நின்றுகொண்டிருப்பேன். நீங்கள் அனுப்பிய ஸ்டாக் கார்டு, டி.ஓ. என்ற சரக்கு அனுப்பும் சீட்டின் நகல்கள், சப்ளையரின் டி.ஓ., எண்ணிக்கைத் தாள், காவலாளியின் கேட் புத்தகப் பக்கம், ரேக்கின் படம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து இரண்டு இரவு பார்த்தேன். ஒரே ஒரு சாமானுக்கு இவ்வளவு தாள் சேர்த்து அனுப்பியதால்தான் என்னால் பொதுவாகப் பேசாமல் உங்கள் கணக்கையே பேச முடிகிறது. மீன் கறித்தூளில் ரேக்குக்கும் கணினிக்கும் இடையில் உள்ள அந்த 252 பாக்கெட்டைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறேன். மற்ற 39 சாமானுக்கும் இதே வழியில் நீங்களே போகலாம்.

இரண்டு எண்ணும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவையா?

முதலாளி 5ஆம் தேதி எடுத்த ரிப்போர்ட்டின் தலையில் 31 டிசம்பர் என்று இருக்கிறது. அதனால் அது நீங்கள் எண்ணிய நேரத்துக் கணக்கு என்று நீங்கள் இருவருமே நம்பிவிட்டீர்கள். அது அப்படி இல்லை. 31ஆம் தேதி போட்டு என்னென்ன பதிவு இருக்கிறதோ அத்தனையையும் சேர்த்து, அன்று நள்ளிரவில் என்ன மீதி இருக்க வேண்டும் என்றுதான் கணினி சொல்கிறது. நீங்களோ அந்த ரேக்கை மத்தியானம் 3.10க்கு எண்ணினீர்கள். தாளின் மூலையில் நேரத்தை எழுதி வைத்தீர்களே, அந்த ஒரு பழக்கம் இன்று உங்களுக்குப் பெரிய துணை. இந்த வகை ரிப்போர்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. யாராவது 7ஆம் தேதி உட்கார்ந்து ஒரு பழைய டி.ஓ.வை 31ஆம் தேதி போட்டு ஏற்றினால், 8ஆம் தேதி எடுக்கும் "31 டிசம்பர்" ரிப்போர்ட் வேறு எண்ணைக் காட்டும். ஆகவே 5ஆம் தேதி எடுத்த அந்தத் தாளை நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எல்லா ஒப்பீடும் அந்த ஒரே தாளோடுதான் நடக்க வேண்டும்.

இப்போது கேட் புத்தகத்தைப் பார்ப்போம். 31ஆம் தேதி மாலை 4.30க்கு ஒரு லோரி வெளியே போயிருக்கிறது. அதில் மீன் கறித்தூள் 2 பெட்டி, 48 பாக்கெட். அன்றைக்கே கணினியில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் 3.10க்கு அந்த 2 பெட்டியும் ரேக்கில்தான் இருந்தன, நீங்களும் எண்ணிவிட்டீர்கள். எனவே 3.10 மணிக்குக் கணினியில் இருந்திருக்க வேண்டிய எண் 1,032 அல்ல, 1,080. ஆமாம், குறைவு இன்னும் கூடிவிட்டது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் நமக்குச் சாதகமான திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாதகமானதை விட்டால், நாளை முதலாளியோ அவருடைய ஆடிட்டரோ அதைக் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

அதே நாள் காலை 10.15க்கு வேறொரு லோரி போயிருக்கிறது. அதில் தலா 24 பாக்கெட் கொண்ட பழைய பெட்டி 5, அதாவது 120 பாக்கெட். அந்த டி.ஓ. கணினியில் ஏறியது ஜனவரி 2ஆம் தேதி, தேதியும் 2 என்றே போட்டிருக்கிறார்கள். 1ஆம் தேதி விடுமுறை, அவசரத்தில் மறுநாள் ஏற்றியிருக்கலாம். நீங்கள் எண்ணும்போது சாமான் ரேக்கில் இல்லை. கணினியின் 31ஆம் தேதிக் கணக்கிலோ இன்னும் இருக்கிறது. 1,080இல் 120ஐக் கழித்தால் 960.

எண்ணும் நாளில் லோரியை நிறுத்த முடியாது என்றால், குறைந்தது ஒரு காரியம் செய்திருக்க வேண்டும். எண்ணத் தொடங்கும் முன் கடைசியாக வெளியே போன டி.ஓ. எண் என்ன, கடைசியாக உள்ளே வந்த சரக்கின் ரசீது எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வைப்பது. அந்த எண்வரை உள்ளதெல்லாம் கணினியில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே ரிப்போர்ட் எடுப்பது. உங்கள் முதலாளியின் ஸ்டோரில் அது இல்லை. அது ஸ்டோர் நடத்தும் முறையில் உள்ள ஓட்டை. அதற்கு எண்ணியவர் பொறுப்பாக முடியாது.

பெட்டிக்கு 24 என்று யார் சொன்னது?

இந்தச் சாமானில் எனக்கு மிகவும் கவலை தந்தது இந்தப் பகுதிதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டிசம்பர் 22ஆம் தேதி சப்ளையரிடமிருந்து 30 பெட்டி வந்திருக்கிறது. அவருடைய டி.ஓ.வில் பெட்டிக்கு 20 பாக்கெட் என்று அச்சாகியிருக்கிறது. அதற்கு முன் வந்ததெல்லாம் பெட்டிக்கு 24. உங்கள் கணினியில் ஒரு பெட்டி என்று தட்டினால் 24 பாக்கெட் என்று அதுவே பெருக்கிக்கொள்ளும்படி என்றோ அமைத்துவிட்டார்கள், யாரும் மாற்றவில்லை. வந்தது 600 பாக்கெட், கணினியில் ஏறியது 720.

அந்த 30 பெட்டியில் 18 பெட்டி இன்னும் ரேக்கில் இருப்பது படத்தில் தெரிகிறது. புதிய பெட்டிகளின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 20 என்று இருக்கிறது, பெட்டியும் சற்றுக் குட்டை. நீங்களும் பையன்களும் 32 பெட்டி, உதிரி 12 என்று எண்ணி, 32ஐ 24ஆல் பெருக்கி 768, அதோடு 12 சேர்த்து 780 என்று எழுதினீர்கள். பெட்டி எண்ணிக்கை சரி, பெருக்கியதுதான் தவறு. 18 பெட்டியில் தலா 4 பாக்கெட் குறைத்தால் 72 போகும். ரேக்கில் உண்மையில் இருந்தது 708.

எண்ணிப் பார்த்ததுதான் உண்மை, கணினிதான் பொய் சொல்லும் என்று நாம் எல்லோரும் நினைப்போம். பெட்டியைத் திறக்காமல் எண்ணும்போது நாம் எண்ணுவது பாக்கெட்டை அல்ல, பெட்டியைத்தான். உள்ளே எத்தனை என்பது நம் நம்பிக்கை. எண்ணும்போது ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் ஒன்றையாவது ஸ்டிக்கரைப் படித்து, சந்தேகம் இருந்தால் திறந்து பார்த்து, "பெட்டி 14, தலா 24, பெட்டி 18, தலா 20, உதிரி 12" என்று தனித்தனி வரியாக எழுத வேண்டும். தாளில் பெருக்கிய விடையை மட்டும் எழுதினால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. உங்கள் தாளின் ஓரத்தில் 32, 12 என்று பென்சிலில் இருந்ததால்தான் எனக்கு இது பிடிபட்டது.

சரி, மற்ற 12 புதிய பெட்டிகள்? டி.ஓ.க்களின்படி 7 பெட்டி அப்படியே வாடிக்கையாளர்களுக்குப் போயிருக்கிறது. அவற்றைக் கணினி 24 வீதம் கழித்தது, உண்மையில் போனது 20 வீதம். அதாவது 28 பாக்கெட்டைக் கணினி அதிகமாகவே கழித்துவிட்டது. மீதி 5 பெட்டியைப் பிரித்து உதிரியாக விற்றிருக்கிறீர்கள். உதிரி விற்பனை பாக்கெட் கணக்கில் ஏறியதால் அதில் பிழை இல்லை. ஆக, வரவில் 120 கூடுதல், செலவில் 28 கூடுதல். கணினி மொத்தத்தில் 92 பாக்கெட் அதிகமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. 960இல் 92 போனால் 868.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 5 பெட்டியையும் பிரிக்காமல் முழுப் பெட்டியாகவே விற்றிருந்தால், கணினி 72 கூடுதலாகவும் ரேக் 72 கூடுதலாகவும் காட்டியிருக்கும். இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போயிருக்கும். முதலாளி திருப்தியாகக் கோப்பை மூடியிருப்பார். பெட்டிக்கு 4 பாக்கெட் இல்லாமலேயே வாடிக்கையாளர்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால், 31ஆம் தேதி ஒத்துப்போன சாமான்களிலும் 24-பெட்டி, 20-பெட்டிக் குழப்பம் இருக்கலாம். அதே சப்ளையரிடமிருந்து வரும் மற்றக் கறித்தூள்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கூடுதலாக இருப்பதைத் தேடிப் போங்கள்

குறைந்த சாமான்களை மட்டும் கூட்டி 4,860 வெள்ளி என்று சொல்வது சரியான கணக்கு அல்ல. அதற்காகக் கூடுதலையும் குறைவையும் ஒன்றோடொன்று கழித்து, மீதி சின்னதாக இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்லக் கூடாது. ஊதுபத்தியில் கூடினதைக் கடுகில் குறைந்ததோடு கழிக்க முடியாது. செய்ய வேண்டியது வேறு. கூடுதலாக உள்ள ஒவ்வொரு சாமானையும் எடுத்து, அதன் ஜோடி எங்கே குறைகிறது என்று தேட வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றின் பெயரில் கணினியில் கழித்திருந்தால், ஒன்று கூடும், மற்றொன்று அதே அளவுக்குக் குறையும்.

உங்கள் வித்தியாசப் பட்டியலில் இறைச்சிக் கறித்தூள் 250 கிராம் சரியாக 144 பாக்கெட் கூடுதல். 144 என்பது 6 பெட்டி. இப்படி முழுப் பெட்டிக் கணக்கில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் தாளில் நடந்த பிழை. டிசம்பர் டி.ஓ.க்களில் தேடினேன். 18ஆம் தேதி போன ஒன்றில், சாமான் எடுத்த பையன் கையால் எழுதிய சீட்டில் "மீன் 6 பெட்டி" என்று இருக்கிறது. அதே டி.ஓ. கணினியில் இறைச்சிக் கறித்தூளாக ஏறியிருக்கிறது. உங்கள் கணினியில் இந்த இரண்டின் குறியீடு இப்படி:

```
CPF250   மீன் கறித்தூள் 250 கி
CPM250   இறைச்சிக் கறித்தூள் 250 கி
```

குறியீடு வைத்தவர் F என்றால் ஃபிஷ், M என்றால் மீட் என்று ஆங்கிலத்தில் யோசித்திருக்கிறார். தட்டியவர் M என்றால் மீன் என்று தமிழில் யோசித்துவிட்டார் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் விலை ஒன்று என்பதால் இன்வாய்ஸ் தொகையில் மாற்றம் வரவில்லை, வாடிக்கையாளரும் கேட்கவில்லை. இருந்தாலும் எண்கள் பொருந்துகின்றன என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. அந்தக் கடைக்குப் போன் செய்து 18ஆம் தேதி எந்தத் தூள் வந்தது என்று கேட்டு, அவர்கள் கையெழுத்திட்ட டி.ஓ. நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது உறுதியானால் மீன் கறித்தூளில் இன்னும் 144 கழியும், இறைச்சிக் கறித்தூளில் இருந்த கூடுதலும் மறையும்.

இப்போது மொத்தமாகப் பாருங்கள்:

```
கணினி ரிப்போர்ட்                      1,032
எண்ணிய பிறகு போன 2 பெட்டி             +  48
காலையில் போய் 2ஆம் தேதி ஏறியது         - 120
பெட்டிக்கு 24 / 20 பிழை                -  92
குறியீடு மாறி ஏறியது                  - 144
திருத்திய கணினிக் கணக்கு                724

ரேக் எண்ணிக்கை                          780
பெட்டிக்கு 24 / 20 பிழை                -  72
திருத்திய ரேக் எண்ணிக்கை                708

விளக்கம் இல்லாமல் குறைவது                16
```

பாக்கெட் 3 வெள்ளி அடக்கவிலையில் 252 பாக்கெட் என்றால் 756 வெள்ளி. 16 பாக்கெட் என்றால் 48 வெள்ளி. அந்த 16ஐ நான் எதுவும் சொல்லிப் பூசி மறைக்கப் போவதில்லை. கிழிந்து ஓரமாகப் போட்டது, சாம்பிள் கொடுத்தது, ஒருவேளை யாராவது எடுத்தது, எதுவாகவும் இருக்கலாம். பழுதான சாமான் போடும் மூலையை ஒருமுறை பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் 16 குறைவு என்றே எழுதுங்கள்.

திருட்டே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். நேரம், பெட்டி அளவு, குறியீடு ஆகிய மூன்றையும் சரிசெய்த பிறகும், கையில் அடங்கி விலை கூடிய சாமானே, ஏலக்காய், குங்குமப்பூ போன்றவை, எண்ணும்போதெல்லாம் குறைந்தால் அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள பெரிய குறைவுகள் கறித்தூள், பருப்பு, எண்ணெய் என்று பாரமான சாமான்களிலேயே இருக்கின்றன. தாள்களைத்தான் முதலில் தேட வேண்டும் என்று அது சொல்கிறது.

எண்ணாமல் எழுதிய ஐந்து வரி

இதில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. எண்ணாமல் கணினி எண்ணையே எழுதினால், அந்த ஐந்து சாமானும் ஒத்துப்போனதாகக் காட்டும். உள்ளே பிழை இருந்தால் அடுத்த வருடம்வரை தெரியாது. கணினி எண் உங்கள் கையில் இருந்ததால்தான் அந்தச் சபலமே வந்தது. எண்ணும் தாளில் சாமான் பெயரும் ரேக் எண்ணும் மட்டும் இருக்க வேண்டும், கணினி எண் இருக்கவே கூடாது.

இன்னும் சரிசெய்ய வழி இருக்கிறது. அந்த ஐந்தையும் இன்றைக்கு, உங்களோடு எண்ணாத வேறொருவரை வைத்து எண்ணுங்கள். பிறகு பின்னோக்கி நடக்க வேண்டும்: இன்றைய எண்ணிக்கையோடு 31ஆம் தேதிக்குப் பிறகு வெளியே போனதைக் கூட்டி, உள்ளே வந்ததைக் கழித்தால் 31ஆம் தேதி மாலை இருந்தது கிடைக்கும். இன்று 90 இருக்கிறது, இடையில் 60 போனது, 24 வந்தது என்றால், அன்று இருந்தது 126. இதைத் தாமதிக்கத் தாமதிக்க இடையில் டி.ஓ.க்கள் பெருகும், பிழைக்கும் இடம் கூடும். இந்த வாரமே முடித்துவிடுங்கள். ஐந்து வரியை எண்ணவில்லை என்று முதலாளியிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார். அவராகக் கண்டுபிடித்தால் வரும் கோபம் வேறு மாதிரி இருக்கும்.

கணினியைத் திருத்துவது பற்றி

31ஆம் தேதி போட்டு எல்லாவற்றையும் ரேக்கில் உள்ளபடி மாற்றியிருந்தால் மீன் கறித்தூள் 780 என்று நின்றிருக்கும். ரேக்கில் 708தான். பெட்டிக்கு 24 என்ற அமைப்பும் அப்படியே இருக்கும், அடுத்த மாதம் மறுபடியும் குறையும். இறைச்சிக் கறித்தூளைக் கழித்த தவறு எந்தத் தாளிலிருந்து வந்தது என்ற தடயமும் போய்விடும். அதைவிட முக்கியம், எண்ணியவரும் சாவி வைத்திருப்பவரும் திருத்தியவரும் ஒருவரே என்றால், நீங்கள் எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது மறைத்த மாதிரிதான் தெரியும்.

தெரிந்த பிழைக்கு, அந்தப் பிழை நடந்த பதிவையே திருத்த வேண்டும். 30 பெட்டியின் வரவை 600 ஆக்குவது, அவற்றில் முழுதாகப் போன 7 பெட்டியின் செலவை 140 ஆக்குவது, 18ஆம் தேதி டி.ஓ.வின் குறியீட்டை மாற்றுவது என்று. காலத்தால் வந்த 48க்கும் 120க்கும் எந்தத் திருத்தமும் தேவையில்லை, அவற்றின் அளவு சரியாகவே பதிவாகியிருக்கிறது. 31ஆம் தேதி மதிப்பைக் கணக்கிடும்போது மட்டும் அந்த 120ஐக் கவனிக்க வேண்டும் என்று ஆடிட்டருக்குக் குறிப்பு எழுதுங்கள். கடைசியில் மிஞ்சும் 16க்கு மட்டுமே ஸ்டாக் குறைப்புப் பதிவு. எல்லாவற்றையும் முதலாளியோ கணக்கரோ எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு, அவர்களில் ஒருவர் செய்யட்டும். பாஸ்வேர்டைத் திரும்ப ஒப்படைத்துவிடுவேன் என்று நீங்களே சொல்வதும் நல்லது. எண்ணிக்கைத் தாள்களைக் கிழிக்க விடாதீர்கள். வருமானவரிச் சட்டப்படி வியாபாரப் பதிவேடுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும், இவையும் அவற்றில் சேரும்.

அந்தக் கையெழுத்து

நம் மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், அக்தா கெர்ஜா, 24ஆவது பிரிவில் சம்பளத்திலிருந்து எதை வெட்டலாம் என்று வரையறுத்திருக்கிறது. தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், நோட்டீஸ் கொடுக்காமல் விலகியதற்கான தொகை, மற்றச் சட்டங்கள் அனுமதிப்பவை என்று அந்தப் பட்டியல் போகிறது. ஸ்டோரில் சாமான் குறைந்தால் கிராணி சம்பளத்தில் முதலாளி தாமாக வெட்டிக்கொள்ளலாம் என்று அதில் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது சட்டப்படியான வெட்டு ஆகிவிடும் என்பதும் இல்லை. ஆனால் அந்தத் தாள் வேறொன்றாகப் பயன்படும். குறைவுக்கு நானே காரணம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக அதை நாளை நீட்டலாம். அதனால்தான் போடாதீர்கள் என்கிறேன்.

மரியாதையாக, எழுத்தில், "வித்தியாசத்தைத் தாள்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் விவரம் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி வையுங்கள். மீறி வெட்டினால், சம்பளச் சீட்டோடு உங்கள் வட்டாரத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். ஒழுங்கீனம் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்துவதானால் 14ஆவது பிரிவின்படி முதலில் முறையாக விசாரிக்க வேண்டும். நிறுத்தியே விட்டால், 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வழி இருக்கிறது. நீங்களே எழுதிக் கொடுத்து விலகினால் அந்த வழி மிகவும் குறுகிவிடும்.

இவ்வளவையும் சண்டையாக எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. உங்கள் முதலாளியிடம் பேசப் போகும்போது முதலில் சட்டத்தையும் எடுக்காதீர்கள், 16 பாக்கெட்டையும் எடுக்காதீர்கள். சப்ளையரின் டி.ஓ.வையும், அவர் அனுப்பிய இன்வாய்ஸையும் எடுத்துப் போங்கள். இன்வாய்ஸ் உங்கள் படங்களில் இல்லை. டி.ஓ.வில் பெட்டிக்கு 20 என்று இருந்தும் இன்வாய்ஸில் 720 பாக்கெட்டுக்குப் பணம் போட்டிருந்தால், 120 பாக்கெட், 360 வெள்ளி, சப்ளையரிடமிருந்து திரும்ப வர வேண்டிய பணம். இந்த ஒரு சாமானில் மட்டும். அதே நேரத்தில், 7 பெட்டி வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு 28 பாக்கெட் குறைவாகப் போயிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு கிரெடிட் நோட் போட வேண்டும். அந்த இன்வாய்ஸின் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.